சித்தப்பாவின் பயணச் செய்தியைக் காலண்டரில் ஏற்ற எது நல்ல வழி?

எங்கள் குடும்பத்தில் பயணத் திட்டம் என்றால் அது சித்தப்பாவின் ஒரே பத்திச் செய்திதான். சென்ற ஜனவரியில் கும்பகோணம் பக்கம் பதினான்கு பேர் போய்வந்தோம். அதற்கு அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது இது:

"10ஆம் தேதி சனிக்கிழமை காலையில டிபன முடிச்சுட்டு ஏழரைக்கு ஓட்டல்லேர்ந்து வண்டி கிளம்பிடும். கங்கைகொண்ட சோழபுரம் ஒரு மணி நேரத்துல போயிடலாம். அங்க நிதானமா பாக்கணும், ரெண்டு மணி நேரமாவது வேணும். பதினோரு மணிக்கு தாராசுரம், பன்னெண்டரைக்கு சன்னதி சாத்துறதுக்குள்ள பாத்துடணும். சென்னை பிள்ளைங்க நேரா அங்க வந்து சேந்துக்கலாம். சாப்பாடு, கொஞ்சம் ரெஸ்ட். நாலு மணிக்கு மேல சுவாமிமலை. ஞாயித்துக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு தஞ்சாவூர் கிளம்பறோம், பெரிய கோயில் வாசல்ல எல்லாரும் கூடிட்டு உள்ள போலாம். மதியம் திரும்பி வந்து ரூமைக் காலி பண்ணணும். ராத்திரி பன்னெண்டு இருபதுக்கு சென்னை வண்டி."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு, நாலு பேர் நாலு ஊரிலிருந்து வந்து, சரியான வாசலில் சரியான நேரத்துக்கு நிற்க முடியாது. ஒவ்வொருவர் போனிலும் காலண்டரில் ஏறியிருந்தால் முடியும். ஏற்ற மூன்று வழிகளை நான் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். காலண்டரில் நேரடியாகக் கையால் தட்டுவது ஒன்று. ஷீட்டில் பட்டியல் போட்டு, காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பான CSV-யாக இறக்குவது இன்னொன்று. பல காலண்டர்களும் படிக்கிற ICS கோப்பு எழுதுவது மூன்றாவது. எந்த வழியில் போனாலும் அதற்கு முன் பத்தியைப் பட்டியலாக்கும் வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான தப்பு அங்கேதான் நடக்கிறது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தியை உடைப்பது

காலண்டருக்கு வேண்டியது மூன்று: எப்போது தொடக்கம், எவ்வளவு நேரம், எங்கே நிற்க வேண்டும். பத்தியில் இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவது அபூர்வம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நேர அளவு சொல்லியிருக்கிறார், தொடக்கம் சொல்லவில்லை. தாராசுரத்துக்குத் தொடக்கம் இருக்கிறது, அளவு இல்லை. சுவாமிமலைக்கு "நாலு மணிக்கு மேல" மட்டும்தான்.

நான் செய்வது இதுதான். முதலில் பத்தியில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். சொல்லாத கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன். அப்புறம் ஒரு நேரத்திலிருந்து அடுத்த நேரத்துக்குச் சங்கிலிபோலக் கூட்டிக்கொண்டே போகிறேன். பயணத்தை ஒரு தனி நிகழ்வாக எழுதினால்தான் இந்தச் சங்கிலி நிற்கும். கோவில் பார்ப்பதோடு பயணத்தையும் சேர்த்து ஒரே நிகழ்வாக்கிவிட்டால், எங்கே நேரம் போகிறது என்று தெரியாது.

சனிக்கிழமை காலையைக் கூட்டிப் பாருங்கள். 7:30க்குக் கிளம்பி ஒரு மணி நேரம், 8:30க்குக் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே இரண்டு மணி நேரம், 10:30. அங்கிருந்து கும்பகோணம் வழியாகத் தாராசுரம் வர ஒரு மணி பத்து நிமிடமாவது ஆகும். அதாவது 11:40. சித்தப்பா சொன்னது பதினொரு மணி. நாற்பது நிமிடம் இடிக்கிறது. சென்னையிலிருந்து வரும் அண்ணன் பிள்ளைகள் பதினொரு மணிக்கே வந்து வெயிலில் நிற்பார்கள். பன்னிரண்டரைக்குச் சன்னதி சாத்திவிட்டால், மற்றவர்களுக்குக் கிடைப்பது ஐம்பது நிமிடம்.

பத்தியாகப் படித்தபோது குழுவில் இருந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் இது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அளவு என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் வெளியே வந்தது. இந்த மாதிரி இடத்தில் நாமே ஒரு நேரத்தை ஊகித்துப் போட்டுவிடக் கூடாது. வண்டியை எப்போது எடுப்பது என்று முடிவு செய்பவர் அவர்தான், நான் இல்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏழரை, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், திரும்ப ஒண்ணேகால்னு கூட்டிப் பாருங்க சித்தப்பா. பதினோரு மணி வரல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ ஏழு மணிக்கே கிளம்பிடுவோம்ப்பா. அங்க ஒரு பத்து நிமிஷம் குறைச்சுக்கலாம்" என்றார்.

7:00, 8:00, ஒரு மணி ஐம்பது நிமிடம் பார்த்து 9:50, தாராசுரம் 11:00. இப்போது சங்கிலி கூடுகிறது.

அடுத்தது, தொடக்க நேரம் என்றால் எதன் தொடக்கம்? வண்டி ஏழு மணிக்குக் கிளம்பும் என்றால், காலண்டரில் 7:00 என்று போட்டால் ஏழு மணிக்குத்தான் ஆட்கள் லிஃப்டிலிருந்து இறங்குவார்கள். அதனால் நிகழ்வின் தொடக்கமாக நான் போடுவது கூடும் நேரத்தை: 6:45. ஆனால் வண்டி கிளம்பும் நேரத்தை மறைப்பதில்லை. தலைப்பிலேயே "கங்கைகொண்ட சோழபுரம், வண்டி 7:00" என்று எழுதிவிடுவேன். இரண்டும் கண்ணில் பட்டால் ஒருவரும் "நீ பதினைந்து நிமிஷம் ஏமாத்திட்ட" என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை அந்தப் பதினைந்து நிமிடத்தை அவர்களாகவே கழித்துக்கொண்டு தாமதமாக வரவும் மாட்டார்கள்.

இடத்துக்கும் இதே கதைதான். "பெரிய கோயில் வாசல்" என்று சித்தப்பா எழுதியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோவிலில் உள்ளே போகும் வழியில் கேரளாந்தகன் திருவாசல் வரும், அதைத் தாண்டி இராஜராஜன் திருவாசல். இரண்டுமே பெரிய கோபுரங்கள். பாதிப் பேர் முதல் வாசலிலும் பாதிப் பேர் இரண்டாவதிலும் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டிருப்பதற்கு இது போதும். காலண்டரின் இடக் கட்டத்தில் கோவிலின் பெயரைப் போட்டால் மேப் கோவிலுக்குக் கொண்டுபோய் விடும், வாசலுக்கு விடாது. அதனால் இடக் கட்டத்தில் மேப் கண்டுபிடிக்கிற பெயர், விவரக் கட்டத்தின் முதல் வரியில் "கூடுமிடம்: கேரளாந்தகன் திருவாசலுக்கு வெளியே, சாலைப் பக்கம்" என்று பிரித்து எழுதுகிறேன். முதல் வரி என்பது முக்கியம். போனில் நிகழ்வைத் தட்டினால் விவரத்தில் மேலே உள்ள சில வரிதான் உருட்டாமலே தெரியும்.

உடைத்து முடித்ததும் சனிக்கிழமைக் காலை இப்படி நின்றது:

| தொடக்கம் | அளவு | நிகழ்வு | கூடுமிடம் |
|---|---|---|---|
| 6:45 | 1 மணி 15 நிமிடம் | கங்கைகொண்ட சோழபுரம் பயணம், வண்டி 7:00 | ஓட்டல் வாசல் |
| 8:00 | 1 மணி 50 நிமிடம் | கங்கைகொண்ட சோழபுரம் | வண்டி நிற்கும் இடம் |
| 9:50 | 1 மணி 10 நிமிடம் | தாராசுரம் பயணம் | வண்டி நிற்கும் இடம் |
| 11:00 | 1 மணி 15 நிமிடம் | தாராசுரம், சென்னைப் பிள்ளைகள் சேர்வார்கள் | கோவில் முன் புல்வெளி |

முதல் வரிசையின் தொடக்கத்தோடு அளவைக் கூட்டினால் இரண்டாவதன் தொடக்கம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு, அல்லது அங்கே ஓய்வு இருக்கிறது. ஓய்வாக இருந்தால் அதையும் வேண்டுமென்றே விட்டதாக இருக்க வேண்டும்.

கையால் தட்டுவது

எங்கள் பயணத்தில் மொத்தம் ஒன்பது நிகழ்வு. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, தொடக்கம், முடிவு, இடம், விவரம் என்று தட்ட, எனக்கு இரண்டு நிமிடம் ஆகும். இருபது நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஷீட், கோப்பு என்று போவது வீண். பத்துக்குக் கீழே நிகழ்வு, எல்லோரும் ஒரே நேர மண்டலம் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும். நம் சொந்தக் காலண்டரில் போடாமல், "கும்பகோணம் ஜனவரி" என்று புதிதாக ஒரு காலண்டர் தொடங்கி அதில் போட வேண்டும். அந்தக் காலண்டரைக் குடும்பத்தாரின் மின்னஞ்சலுக்குப் பகிர்ந்துவிட்டால், நாம் ஒரு நேரத்தை மாற்றும்போது எல்லோர் போனிலும் மாறும். சித்தப்பா ஏழரையை ஏழாக்கினாரே, அதுபோன்ற மாற்றம் பயணத்துக்குள்ளேயே நாலு முறை வரும். இந்த ஒரு நன்மை மற்ற இரண்டு வழிக்கும் தானாகக் கிடைப்பதில்லை.

கையால் தட்டுவதில் தொல்லை, காலண்டரில் அளவுக்குக் கட்டம் இல்லை என்பது. தொடக்கம், முடிவு என்றுதான் கேட்கும். 9:50ஓடு ஒரு மணி பத்து நிமிடத்தை மனத்தில் கூட்டி 11:00 என்று போட வேண்டும். ஒன்பது முறை கூட்டும்போது ஒரு முறை தப்பும். இன்னொன்று, தொடக்கத்தை மாற்றினால் அந்த நிகழ்வின் முடிவு தானாக நகரும், ஆனால் அடுத்த நிகழ்வு நகராது. கையால் தட்டியிருந்தால், ஏழரையை ஏழாக்கியபோது அதற்குப் பின் வந்த இரண்டு நிகழ்வையும் தனித்தனியே திருத்த வேண்டியிருந்திருக்கும். அவற்றில் ஒன்றை நான் மறந்திருந்தால் காலண்டர் என்னை எச்சரித்திருக்காது. இரண்டு நிகழ்வு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதை நாள் பார்வையில் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஷீட்டிலிருந்து CSV

நிகழ்வு இருபதைத் தாண்டும்போதும், நேரம் அடிக்கடி மாறும்போதும் ஷீட் கைகொடுக்கிறது. காரணம் வேகம் மட்டுமில்லை. ஷீட்டில் அளவு என்று ஒரு நெடுவரிசையை நாமே வைத்துக்கொள்ளலாம். D-யில் தொடக்கம், E-யில் நிமிடக் கணக்கில் அளவு என்றால் முடிவு நேரம் இது:

```
=D2+E2/1440
```

ஷீட்டில் ஒரு நாள் என்பது 1, ஒரு நாளுக்கு 1440 நிமிடம், அதனால்தான் அந்த வகுத்தல். அடுத்த வரிசையின் தொடக்கத்தை முந்தைய வரிசையின் முடிவிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டால், 6:45ஐ மாற்றியதும் காலை முழுவதும் தானாக நகர்ந்துவிடும். தாராசுரம் 11:00ஐத் தாண்டினால் உடனே கண்ணில் படும். சித்தப்பாவிடம் பேசிக்கொண்டே, போனைக் காதில் வைத்தபடி, "பத்து நிமிஷம் குறைச்சா சரியா வருது" என்று சொல்ல முடிந்தது இதனால்தான்.

கூகுள் காலண்டர் எதிர்பார்க்கும் கோப்பில் முதல் வரிசைத் தலைப்புகள் ஆங்கிலத்தில், இதே எழுத்தில் இருக்க வேண்டும்:

```
Subject,Start Date,Start Time,End Date,End Time,Location,Description
தாராசுரம்,01/10/2026,11:00 AM,01/10/2026,12:15 PM,"ஐராவதேஸ்வரர் கோவில், தாராசுரம்",கூடுமிடம்: முன் புல்வெளி
```

இடப் பெயருக்குள் காற்புள்ளி இருந்தால் அந்தக் கட்டம் மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். ஷீட்டிலிருந்து இறக்கினால் அதுவே போட்டுவிடும், கையால் எழுதினால்தான் கவனம் தேவை. எக்செல் பயன்படுத்துபவர்கள் சேமிக்கும்போது CSV UTF-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் CSV என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

ஆனால் உண்மையான பள்ளம் தேதியில் இருக்கிறது. மேலே உள்ளது ஜனவரி 10. மாதம் முன்னால், நாள் பின்னால். நம் பழக்கத்தில் 10/01/2026 என்று எழுதினால் அது அக்டோபர் 1 ஆகிவிடும். மறுநாள் 11/01/2026 நவம்பர் 1க்குப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லாம் ஏறியதாகவே சொல்லும். ஜனவரி 10ஐத் திறந்து பார்த்தால் காலியாக இருக்கும். நாள் 12ஐத் தாண்டினால் அப்படி ஒரு மாதம் இல்லை என்பதால் தப்பு வெளியே தெரிந்துவிடும். மாத முதல் பன்னிரண்டு நாளில் போகிற பயணத்துக்குத்தான் இந்த ஆபத்து. ஷீட்டிலேயே தேதியை மாற்றி எழுதிவிடுவது பாதுகாப்பு:

```
=TEXT(C2,"mm/dd/yyyy")
=TEXT(D2,"hh:mm AM/PM")
```

கோப்பைக் கூகுள் காலண்டரில் இறக்குவது கணினியில், உலாவியில், Settings-க்குள் Import & export என்ற இடத்தில். எந்தக் காலண்டரில் ஏற்ற வேண்டும் என்று அங்கே கேட்கும். அங்கேயும் புதிதாகத் தொடங்கிய பயணக் காலண்டரைத்தான் காட்ட வேண்டும். CSV கோப்பில் நிகழ்வுக்கு அடையாள எண் ஏதும் இல்லை. ஒரு நேரத்தைத் திருத்தி மறுபடி இறக்கினால், பழையது போகாது, புதியது பக்கத்தில் ஏறிக்கொள்ளும். ஒன்பது நிகழ்வு பதினெட்டாகும். தனிக் காலண்டராக இருந்தால் அதை அப்படியே அழித்துவிட்டு மறுபடி இறக்கலாம். சொந்தக் காலண்டரில் ஏற்றிவிட்டவர் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் பள்ளிக்கூட மீட்டிங்குக்கும் நடுவே ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும்.

CSV-யின் இன்னொரு குறைதான் எங்கள் குடும்பத்தைப் பிடித்தது. அந்தக் கோப்பில் நேர மண்டலம் என்ற கட்டமே இல்லை. "11:00 AM" என்றால் எந்த ஊர் பதினொன்று? யார் இறக்குகிறாரோ அவருடைய காலண்டரில் எந்த மண்டலம் அமைத்திருக்கிறதோ அந்த ஊர் பதினொன்று. சில வருடங்களுக்கு முன் மதுரைப் பயணத்துக்கு நான் CSV கோப்பை எல்லோருக்கும் அனுப்பி, "இறக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை அங்கேயே இறக்கிக்கொண்டாள். காலை 6:00 என்று சரியாகத்தான் தெரிந்தது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அவள் மதுரையில் இறங்கியதும் போன் இந்திய நேரத்துக்கு மாறியது, அந்த 6:00 அதிகாலை 3:30 ஆகிவிட்டது. அலாரம் மூன்றரைக்கு அடிக்க, குழந்தைகளை எழுப்பிக் குளிக்க வைத்து, இருட்டில் லாபியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோப்பை அவளுக்கு அனுப்பியது என் தவறு. நான் ஒருவன் மட்டும் இந்திய மண்டலத்தில் இறக்கி, காலண்டரைப் பகிர்ந்திருந்தால் இது நடந்திருக்காது. CSV-யைப் பயன்படுத்துவதென்றால் ஒருவர்தான் இறக்க வேண்டும், மற்றவர்கள் பகிர்வில் சேர வேண்டும்.

ICS கோப்பு

எல்லோரும் கூகுளில் இல்லை. அத்தைக்கு ஐபோன், மாப்பிள்ளைக்கு அலுவலக அவுட்லுக். ஆப்பிள் காலண்டர் CSV-யைத் திறக்காது. மூன்றும் ஒப்புக்கொள்கிற பொது வடிவம் ICS. ஐபோனில் மின்னஞ்சலில் வந்த ICS கோப்பைத் தட்டினால் சேர்க்கவா என்று கேட்கும். கூகுள் காலண்டருக்கு முன்போலவே கணினியில் Import & export வழியாக. கோப்பு வெறும் எழுத்துதான், நோட்பேடில் எழுதலாம்:

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//kudumbam//payanam//TA
BEGIN:VEVENT
UID:kumbakonam2026-07@payanam.example
DTSTAMP:20260103T060000Z
DTSTART:20260110T231500Z
DURATION:PT1H30M
SUMMARY:தஞ்சை, வண்டி 5:00
LOCATION:ஓட்டல் வாசல்\, குடந்தை
END:VEVENT
END:VCALENDAR
```

இது ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பயணம். மூன்று வழியில் இது ஒன்றில்தான் அளவை அளவாகவே காலண்டருக்குக் கொடுக்க முடிகிறது. `PT1H30M` என்றால் ஒன்றரை மணி நேரம். முடிவு நேரத்தைக் கணக்கிட வேண்டியதில்லை. ஆனால் `DURATION` எழுதினால் `DTEND` எழுதக் கூடாது, இரண்டில் ஒன்றுதான்.

`DTSTART` வரியைக் கவனியுங்கள். கூடும் நேரம் 11ஆம் தேதி காலை 4:45. கோப்பில் இருப்பதோ 10ஆம் தேதி 23:15. கடைசியில் உள்ள `Z` என்ற எழுத்து இது உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் அது வரும், காலை ஐந்தரைக்கு முன்னால் உள்ள எதுவும் முந்தைய தேதிக்குப் போய்விடும். நேரத்தைக் கழித்துவிட்டுத் தேதியைக் கழிக்க மறந்தால், தஞ்சாவூர்ப் பயணம் ஒரு நாள் தள்ளி, எல்லோரும் ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கும்போது திங்கட்கிழமை விடிகாலையில் வந்து நிற்கும். நம் ஊர்க் கோவில் பயணங்களில் விடிகாலைப் புறப்பாடு இல்லாமல் இருக்காது என்பதால் இந்த இடத்தை நான் இரண்டு முறை பார்ப்பேன்.

அந்த உழைப்புக்குப் பலன் இருக்கிறது. இந்தக் கோப்பை எந்த ஊரில் யார் இறக்கினாலும் நிகழ்வு அதே கணத்தில்தான் நிற்கும். இந்த முறை தங்கை சிங்கப்பூரில் இறக்கியதும் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, தஞ்சாவூர் 7:15னு காட்டுது. அஞ்சு மணினுதானே சித்தப்பா சொன்னாரு?" காட்டட்டும் என்றேன். அங்கே 7:15 ஆகும்போது இங்கே 4:45. இங்கே வந்து இறங்கியதும் தானாக 4:45 ஆகிவிடும் என்று சொன்ன பிறகுதான் நிம்மதியானாள். தலைப்பில் "வண்டி 5:00" என்று எழுதியிருந்ததும் உதவியது. தலைப்பு எழுத்து, எந்த மண்டலத்திலும் மாறாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ICS-இல் ஒரு வரி 75 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வடிவத்தின் விதி. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று, புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. "கும்பகோணம்" என்ற ஒரே சொல் 30 பைட். நாலைந்து சொல்லிலேயே வரி நிறைந்துவிடும். பல காலண்டர்கள் நீண்ட வரியையும் பொறுத்துக்கொள்கின்றன. பொறுக்காத ஒன்றில் மாட்டாமலிருக்க, தலைப்பைச் சுருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. குடந்தை, தஞ்சை என்று நம்மிடம் சின்னப் பெயர்கள் இருப்பது இங்கே வசதி. நீண்ட விவரத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம், அந்த வரி ஒரு வெற்றிடத்தோடு தொடங்க வேண்டும். சொற்களுக்குள் வரும் காற்புள்ளிக்கு முன்னால் `\` போட வேண்டும். மேலே `LOCATION` வரியில் அப்படிப் போட்டிருக்கிறேன். `SUMMARY` வரியிலும் அதே விதிதான் பொருந்தும், அங்கே நான் விட்டது போல விடாமல் `தஞ்சை\, வண்டி 5:00` என்று எழுதுவதே முறை. விட்டாலும் பெரும்பாலும் சரியாகவே தெரியும் என்பதால்தான் இந்தத் தப்பு கண்ணில் படுவதில்லை.

ICS-க்கு எதிரே உள்ளது ஒன்றுதான், ஆனால் பெரியது. இறக்கிய கோப்பு ஒரு நகல். நான் இங்கே நேரத்தை மாற்றினால் அத்தையின் போனில் மாறாது. திருத்திய கோப்பை மறுபடி அனுப்ப வேண்டும். பழைய நிகழ்வின் `UID`-ஐ மாற்றாமல் வைத்திருந்தால்தான் அதே நிகழ்வு என்று காலண்டர் அடையாளம் காண வழி இருக்கும். ஒவ்வொரு முறையும் புது `UID` போட்டால் இரட்டை இரட்டையாகத்தான் ஏறும்.

நாங்கள் செய்தது

பகிர்ந்த காலண்டரை முதன்மையாக வைத்துக்கொண்டோம். ஷீட்டில் கணக்குப் போட்டு, சித்தப்பா சரி என்று சொன்ன பிறகு, நான் மட்டும் CSV-யாக இறக்கினேன். ஒன்பது நிகழ்வுக்குக் கையால் தட்டியிருக்கலாம்தான். ஆனால் அளவு இடிப்பதைக் காட்டியது ஷீட், அது இருக்கும்போது மறுபடி தட்டுவானேன் என்று தோன்றியது. கூகுளில் இல்லாத மூவருக்கும் சிங்கப்பூர்த் தங்கைக்கும் ICS. அதைப் பயணத்துக்கு முதல் நாள் மாலைதான் அனுப்பினேன். அதற்குள் மாற வேண்டியதெல்லாம் மாறியிருக்கும் என்பதற்காக. சிங்கப்பூருக்கு மட்டும் விமானம் ஏறும் முன் வேண்டும் என்று நாலு நாள் முன்னதாகவே போனது. நேரம் மாறியபோது அவளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் குடும்பம் முழுவதும் ஒரே ஊர், எல்லோரிடமும் ஒரே காலண்டர் என்றால் இவ்வளவு வேண்டாம். தனிக் காலண்டர் தொடங்கிக் கையால் தட்டிப் பகிருங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தாலும், CSV-யை அவருக்கு அனுப்பாதீர்கள்.

எந்த வழியில் ஏற்றினாலும், ஏற்றி முடித்ததும் நான் மூன்று நிகழ்வை மட்டும் போனில் திறந்து பார்ப்பேன்: முதலாவது, விடிகாலையில் உள்ளது, கடைசி. முதலாவது சரியான மாதத்தில் இருந்தால் தேதி வடிவம் சரி. விடிகாலை நிகழ்வு சரியான நாளில் இருந்தால் மண்டலக் கணக்கு சரி. கடைசி நிகழ்வில்தான் இந்த முறை மாட்டினேன். "ராத்திரி பன்னெண்டு இருபது" என்பதை ஞாயிறு 11ஆம் தேதி என்று ஏற்றியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றுதானே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். காலண்டர் அதை ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய இருபதாவது நிமிடத்தில், தஞ்சாவூர் கிளம்புவதற்கும் முன்னால், சனிக்கிழமை இரவு தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். 12 ஜனவரி, 00:20 என்று இருந்தது. முடிவை 12ஆம் தேதி 00:20 ஆக்கி, தலைப்பில் "ஞாயிறு இரவு ரயில்" என்று சேர்த்து, கூடும் நேரத்தை 11ஆம் தேதி இரவு 11:40, கும்பகோணம் ரயில் நிலைய முகப்பு என்று மாற்றினேன்.